கோபமான ஈமெயிலுக்கு நிதானமான பதில்: முழுக்கதை தெரியாதபோது எழுதுவது எப்படி?



கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு தகராறு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "இருபது கிலோ போட்டேன், பதினேழுதான் எழுதியிருக்கு" என்று ஒரு அக்கா சத்தம் போடுகிறார். நீங்கள் அப்போதுதான் அந்தப் பக்கம் வருகிறீர்கள். தராசையும் பார்க்கவில்லை, துண்டையும் பார்க்கவில்லை. உங்களைப் பிடித்து, "நீயே சொல்லு, யார் பக்கம் நியாயம்?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? "துண்டைக் காட்டுங்க, பார்த்துட்டுச் சொல்றேன்" என்றுதானே சொல்வோம்.

ஈமெயிலில் இதே நிலைமை வந்தால் நாம் அப்படிச் செய்வதில்லை. யாரோ ஒருவர் கோபமாக எழுதிய மின்னஞ்சலைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் நமக்கு அனுப்புகிறார்கள். கீழே "இதுக்குப் பதில் போடுங்க" என்று ஒரு வரி. நாமும் சூட்டோடு சூடாக எதையாவது எழுதிவிடுகிறோம். சங்கங்களிலும் முன்பள்ளிகளிலும் கடைகளிலும் கணக்கெழுதும் நமது பிள்ளைகள் பலருக்கு இந்த வேலை வந்து சேர்கிறது. ஆகவே இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

நிகழ்ச்சி

பாடத்துக்காக ஒரு நிகழ்ச்சியை அமைத்துக்கொள்வோம். இதில் வரும் ஆட்கள் கற்பனை. ஊர் உண்மை. அம்பாறைக் கரையில் கல்முனைக்குப் பக்கத்தில் உள்ள மருதமுனை, கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். அங்கே நெய்யும் சாரியும் சாரமும் நாட்டின் பல பாகங்களுக்கும் போகின்றன. நூலை வாங்கிக் கொடுக்கும் முதலாளி ஒருவர், வீட்டுத் தறிகளில் நெய்பவர்களுக்குத் துணிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். துணி விற்று காசு வந்தால்தான் கூலியும் நேரத்துக்குப் போகும்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மாதர் சங்கம், திருவிழாவுக்கு ஒரே மாதிரி உடுத்துவதற்காக மருதமுனை முதலாளி ஒருவரிடம் 40 கைத்தறிச் சாரி ஓடர் கொடுத்திருந்தது. ஒன்று 3,500 ரூபாய், மொத்தம் 1,40,000. முற்பணம் 70,000 கொடுத்தாயிற்று. இந்த ஓடரைப் பேசி முடித்த செயலாளர் பிறகு குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னர் ஏ.எல். முடித்த ஒரு தங்கச்சி வந்திருக்கிறாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் அவளுக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்புகிறார். திங்கள் இரவு முதலாளி எழுதிய ஈமெயிலின் படம் அது. இப்படி இருந்தது:

"மூணு மாசமா போன் அடிச்சா பதில் இல்ல. 40 சாரியையும் வாங்கி உடுத்துப்போட்டு எழுபதாயிரம் ரூபாயை வெச்சிக்கிட்டு இருக்கிறீங்க. பேசினபடி மத்ததையும் அனுப்பின பிறகும் இப்படிச் செய்றது நியாயமா? பெருநாள் வருது. தறிக்காரங்களுக்கு நான் என்ன பதில் சொல்லுற? மலைநாட்டு ஆக்களை நம்பினது என்ட பிழை. இந்த வாரத்துக்குள்ள காசு வராட்டி துரையிட்டயே பேசுவன். காசைப் போட வேண்டிய கணக்கு..."

அத்தோடு படம் முடிந்துவிடுகிறது.

முதலில் எழுந்த பதில்

தங்கச்சி படத்தைச் சங்கத்து வட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். ஐந்து நிமிடத்தில் இருபது குரல்கள். "சாயம் போன சாரியைக் கொடுத்துட்டு காசு கேட்கிறாரா?" என்றார் ஒருவர். "அந்த ஊர் ஆட்களே அப்படித்தான்" என்றார் இன்னொருவர். அந்தச் சூட்டில் அவள் எழுதியது இது:

"நீங்கள் அனுப்பிய சாரி சாயம் போனது. நீங்கள்தான் ஏமாற்றினீர்கள். நாங்கள் யாருக்கும் கடன் இல்லை. துரையிடம் தாராளமாகப் பேசுங்கள்."

இதில் அவளுக்கு நேராகத் தெரிந்தது ஒன்றுமே இல்லை. சாயம் போனதை அவள் பார்க்கவில்லை. கடன் இல்லை என்பதற்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. நல்ல வேளையாக, அனுப்புவதற்கு முன் நலன்புரி உத்தியோகத்தர் போன் எடுத்தார். "கொஞ்சம் பொறும்மா. எழுதினதை அப்படியே வை. முதல்ல படத்தைத் திரும்ப வாசி" என்றார்.

வேறொரு தவறும் நடந்திருக்கலாம். பயந்த பிள்ளையாக இருந்தால், "எங்கள் பிழைதான் ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள், நாளைக்கே 70,000 அனுப்புகிறோம்" என்று எழுதியிருப்பாள். பார்வைக்கு இது பணிவான பதில். ஆனால் இதுவும் தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதிய பதில்தான். நம் நாட்டில் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, மின்னஞ்சலில் எழுதியது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு எழுத்தைச் செல்லாது என்று தள்ளிவிட முடியாது. அவசரத்தில் ஒப்புக்கொண்ட கடன் பிறகு சங்கத்தின் தலையில் நிற்கும்.

கோபமாக மறுப்பதும் பயந்து ஒப்புக்கொள்வதும் இந்த இடத்தில் ஒரே பிழைதான்.

படத்தை வாசிக்கும் முறை

ஸ்கிரீன்ஷொட் என்பது கடிதம் அல்ல, கடிதத்தின் ஒரு துண்டு. அதில் மூன்று விஷயங்கள் பெரும்பாலும் விடுபட்டுப் போகும்.

ஒன்று, யாருக்கெல்லாம் போனது என்பது. மேலே `To` என்றும் `Cc` என்றும் உள்ள வரிகளில் அது இருக்கும். போனில் அந்த வரிகள் மடிந்து கிடக்கும், விரித்தால்தான் தெரியும். முதலாளி இந்த மெயிலைத் துரைக்கும் ஏற்கெனவே அனுப்பிவிட்டாரா, இல்லையா என்பது நமது பதிலை மாற்றும் விஷயம்.

இரண்டு, இதற்கு முன் நடந்த எழுத்து. தலைப்பில் `Re:` என்று இருந்தால் இது ஏதோ ஒரு பழைய மெயிலுக்குப் பதிலாக வந்தது என்று பொருள். அந்தப் பழைய எழுத்து பெரும்பாலும் அடியில், மூன்று புள்ளிக்குள் மறைந்திருக்கும். படம் பிடிக்கும்போது அது வராது.

மூன்று, அடிப்பகுதி. நமது படத்தில் வங்கிக் கணக்கு இலக்கம் வருமுன்னே வெட்டுப்பட்டுவிட்டது.

ஆகவே முதல் வேலை, படம் அனுப்பியவரிடம், "மெயிலையே எனக்கு `Forward` பண்ணுங்க சேர்" என்று கேட்பது. அப்படிச் செய்தால் முழு எழுத்தும் வரும். அத்தோடு, அனுப்பியவரின் முகவரியைப் படத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாக அடிக்கத் தேவையில்லை. படத்தில் `l` என்ற எழுத்தும் `1` என்ற இலக்கமும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்று மாறினாலும் பதில் வேறு எங்கோ போய்விடும், அல்லது திரும்பி வந்துவிடும்.

இனி எழுத்துக்குள் வருவோம். கோபமான கடிதத்தை வாசிக்கும்போது நமது கண் சுடுசொல்லில்தான் போய் நிற்கும். "மலைநாட்டு ஆக்களை நம்பினது என்ட பிழை" என்ற இடத்தில் தங்கச்சியின் கண் நின்றுவிட்டது. அதனால் முக்கியமான ஒரு வரியை அவள் தாண்டிப் போய்விட்டாள். "பேசினபடி மத்ததையும் அனுப்பின பிறகும்" என்கிறாரே, என்ன பேசினது? எந்த மத்தது? நாற்பதும் வந்தாயிற்று என்றால் பிறகு அனுப்பியது என்ன?

விளங்காத ஒவ்வொரு சொல்லின் கீழும் பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோடுகள்தான் உங்களுக்குத் தெரியாத பழைய கதை இருக்கும் இடங்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் அவையே.

அனுப்பிய பதில்

முழுக்கதையும் தெரியும்வரை பதிலே போடாமல் இருக்கலாமா என்றால், கூடாது. முதலாளியின் பெரிய குறை, பதில் இல்லை என்பதுதான். இன்னும் ஒரு வாரம் பேசாமல் இருந்தால் அவர் சொன்னதை நாமே உறுதிப்படுத்தியதாகும். அன்றைக்கே ஒரு சிறு பதில் போக வேண்டும். தங்கச்சி பின்னேரம் எழுதியது இது:

"மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நீங்கள் திங்கட்கிழமை இரவு அனுப்பிய மின்னஞ்சல் இன்று எனக்குக் கிடைத்தது. முழுவதும் வாசித்தேன். 70,000 ரூபாய் மிகுதி வரவில்லை என்றும், மூன்று மாதமாகப் பதில் கிடைக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெருநாளுக்கு முன் நெசவாளர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டிய நேரத்தில் இது எவ்வளவு சிரமம் என்பது எனக்கு விளங்குகிறது.

நான் சென்ற மாதம்தான் செயலாளராக வந்தேன். இந்த ஓடர் பற்றி முன்னர் பேசியவை எனக்குத் தெரியாது. ஆகவே சங்கம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று இன்று என்னால் சொல்ல முடியவில்லை.

எங்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து, முன்னைய செயலாளரையும் விசாரித்து, வியாழக்கிழமை பின்னேரம் 5 மணிக்குள் உங்களுடன் போனில் பேசுகிறேன். பேசியதை எழுத்திலும் அனுப்புவேன்.

'பேசினபடி மத்ததையும் அனுப்பின பிறகு' என்று எழுதியிருக்கிறீர்கள். எதை, எந்தத் திகதியில், யார் மூலம் அனுப்பினீர்கள் என்று தயவுசெய்து அறியத் தாருங்கள். பில்லின் பிரதியும் இருந்தால் உதவியாக இருக்கும்."

அதன் கீழே தன் பெயர், பதவி, போன் இலக்கம்.

இந்தப் பதிலில் நான்கு பகுதி இருப்பதைக் கவனியுங்கள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வது, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்பது, தான் செய்யப்போவதை நாளும் நேரமும் வைத்துச் சொல்வது, அவரிடம் ஒன்றைக் கேட்பது.

திருப்பிச் சொல்லும் பகுதியில் "வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்" என்றுதான் இருக்கிறது. "மூன்று மாதம் உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தால், காக்க வைத்தது சங்கம்தான் என்று முடிவுகட்டியதாகிவிடும். அது இன்னும் தெரியாது. ஆனால் கூலி கொடுக்க முடியாத சிரமம் விளங்குகிறது என்று சொல்வதில் பொய்யும் இல்லை, நட்டமும் இல்லை. தீபாவளி முற்பணம் ஒரு வாரம் பிந்தினால் லயத்தில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

"மலைநாட்டு ஆக்கள்" என்ற சொல்லுக்கு ஒரு பதிலும் இல்லை. அது வலிக்காத சொல் என்பதால் அல்ல. அதற்குப் பதில் எழுதினால் 70,000 ரூபாய்ப் பேச்சு இரண்டு ஊர்களின் பேச்சாகிவிடும். பில்லை வைத்துத் தீர்க்கக்கூடிய காரியம் பிறகு எதை வைத்தும் தீராது. குரூப்பில் போட்ட படத்தையும் அவள் அழித்துவிட்டாள். இன்னொருவரின் பெயரும் கணக்கு விவரமும் உள்ள கடிதம் இருபது போனில் சுற்றுவது சரியல்ல.

விளிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய செயலாளர் அவரைப் போனில் "நானா" என்று கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். அது பழக்கத்தில் வந்த உரிமை. முகம் தெரியாத புதியவர், கணக்கு வழக்கு உள்ள முதல் கடிதத்தில் "ஐயா" என்று எழுதுவதே மரியாதை. பேசிப் பழகிய பிறகு நானா என்று கூப்பிடலாம்.

அனுப்புவதற்கு முன் ஒரு மணித்தியாலம் ஆற விட்டு, வேறொருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். இது தேவையான வேலை. 2005 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், மின்னஞ்சலில் தாங்கள் கேலியாகச் சொல்கிறோமா, மெய்யாகச் சொல்கிறோமா என்பது வாசிப்பவருக்கு விளங்கும் என்று எழுதியவர்கள் பெரிதும் நம்பினார்கள். அவர்கள் நம்பிய அளவுக்கு வாசித்தவர்களுக்கு விளங்கவில்லை. நமது காதுக்கு நமது குரல் கேட்கிறது, அவருக்கு எழுத்து மட்டும்தான் தெரிகிறது. "தாராளமாக", "தயவுசெய்து கவனிக்கவும்" போன்ற சொற்கள் எழுதியவருக்குச் சாதாரணமாக இருந்தாலும் கோபத்தில் இருப்பவருக்குக் குத்தலாகப் படும்.

பதில் உத்தியோகத்தரின் முகவரியிலிருந்தே, வந்த மெயிலுக்கு `Reply` ஆகப் போனது. முழு மெயிலைத் திறந்து பார்த்ததில் துரைக்கு அது அனுப்பப்பட்டிருக்கவில்லை. துரையும் `Cc` இல் இருந்திருந்தால் `Reply all` கொடுத்திருக்க வேண்டும். குற்றச்சாட்டைக் கண்டவர் பதிலையும் காண வேண்டும். ஆனால் அதில் இல்லாத புதிய ஆளை நாமாகச் சேர்க்கக் கூடாது. அது அவரைக் காட்டிக்கொடுப்பதுபோல ஆகிவிடும்.

தெரிய வந்த கதை

புதன் இரவு குவைத்திலிருந்து பழைய செயலாளர் பேசினார். "ஆமா, ஆறு சாரியில சாயம் போச்சு. நானாவுக்குப் போன்ல சொன்னேன். ஆறையும் மாத்தித் தாரேன், வந்த பிறகு மிச்சக் காசைப் போடுங்கன்னு அவரே சொன்னாரு. அது வரவேயில்ல. அதுக்குள்ள நான் இங்க வந்துட்டேன்."

முதலாளியின் பதிலும் வந்தது. ஆறு சாரியையும் மாற்றிப் பொதி கட்டி, பஸ்ஸில் அனுப்பி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை ஒன்றில் இறக்கச் சொல்லியிருக்கிறார். தகவல் சொல்லப் போன் எடுத்தபோதெல்லாம் பழைய செயலாளரின் இலக்கம் வேலை செய்யவில்லை. பொதி போய்ச் சேர்ந்தது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

வியாழன் காலை அந்தக் கடையில் போய்க் கேட்டார்கள். மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது பொதி. ஆறு சாரியும் இருந்தன.

முதல் பதில் போயிருந்தால், வாக்குப்படி மாற்றி அனுப்பிய மனிதரை ஏமாற்றுக்காரர் என்று எழுத்தில் சொன்னதாகியிருக்கும். பயந்த பதில் போயிருந்தால், பணம் போய், ஆறு சாரியும் அந்த மூலையிலேயே கிடந்திருக்கும். இரண்டு பக்கமும் தாங்கள் சொன்னது மெய் என்றே நம்பினார்கள். நடுவில் ஒரு போன் இலக்கம் மாறியிருந்தது, அவ்வளவுதான்.

பணம் போடுமுன் தங்கச்சி இன்னொன்றும் செய்தாள். மெயிலில் உள்ள கணக்கு இலக்கத்தைப் பழைய பில்லில் அச்சடித்த போன் இலக்கத்துக்குப் பேசி உறுதிப்படுத்திக்கொண்டாள். மெயிலிலேயே தந்த இலக்கத்துக்குப் பேசினால் பயனில்லை. மெயில் கள்ளமாக இருந்தால் அந்த இலக்கமும் கள்ளமாகத்தான் இருக்கும். அவசரப்படுத்தி, பயமுறுத்தி, புதிய கணக்கில் காசு போடச் சொல்வது மோசடிக்காரர்கள் வழக்கமாகக் கையாளும் வழி. கல்முனைப் பக்கம் வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்ஆவுக்காகக் கடை பூட்டியிருக்கும். நோன்பு காலத்தில் நோன்பு திறக்கும் பொழுதில் பேசுவதும் சரியில்லை. அதனால் வியாழன் பகலிலேயே பேசி முடித்தாள். அன்றே 70,000 ரூபாய் போடப்பட்டது. வங்கிச் சிலிப்பின் படமும், நடந்ததைச் சொல்லும் நான்கு வரியும் மெயிலில் போயின. அடுத்த செயலாளருக்கு அந்த நான்கு வரியே போதும்.

இந்த வழி எங்கே செல்லாது?

சட்டத்தரணியிடமிருந்து கோரிக்கைக் கடிதம் வந்தால் நாமாகப் பதில் எழுதக் கூடாது. விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். உடம்புக்குக் கெடுதி செய்வேன் என்றோ, அசிங்கமாகவோ எழுதியிருந்தால் பதில் வேண்டாம். மெயிலை அழிக்காமல் வைத்துப் பொலிசில் காட்டுங்கள். இரண்டு பக்கமும் துண்டுகளைக் காட்டிய பிறகும் கணக்கு ஒத்துவராவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போகலாம்.

பயிற்சி

உங்கள் முன்பள்ளிக்கு இப்படி ஒரு மெயிலின் படம் வருகிறது: "போன முறையும் இப்படித்தான் செய்தீர்கள். இந்த முறையும் என் பிள்ளையின் பெயரை விட்டுவிட்டீர்கள். இனிப் பொறுக்க மாட்டேன்." நீங்கள் புதிய ஆசிரியை. இதில் பென்சில் கோடு போட வேண்டிய சொற்கள் எவை? நான்கு பகுதியும் வரும்படி எட்டு வரிக்குள் ஒரு பதில் எழுதி, வீட்டில் ஒருவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கேட்பவர் முகம் சுளிக்கும் இடத்தில் உள்ள சொல்லை மாற்றுங்கள்.